மடிப்பில் மறைந்த மூன்றாவது கயிறு

வைஜயந்தியிடம் டியூஷனுக்கு வந்த பதினான்கு பிள்ளைகளுக்கும் ஒரு வசதி இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் கொடுக்கும் அறிவியல் ஒர்க்‌ஷீட்டுக்கு, சனிக்கிழமை மதியத்துக்குள் விடைகள் அம்மாக்களின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிடும். ஞாயிறு காலை வகுப்பில் நோட்டைத் திருத்துவார். திங்கள் பள்ளியில் டெஸ்ட். பூனாவின் நிக்டி வட்டாரத்தில் இத்தனை வேகமாக வேலை முடிக்கும் டியூஷன் வேறில்லை என்று பெயர்.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் ப்ரீத்தி. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அவர், மகன் அனிருத் பள்ளியிலிருந்து வந்ததும் பையிலிருந்து ஒர்க்‌ஷீட்டை எடுத்து, சமையலறை மேடையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார். வைஜயந்தி குக்கர் வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்தி, அதைப் பார்த்தே கணக்குப் போடுவார். அச்சடித்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

வைஜயந்திக்கு வயது நாற்பத்தேழு. திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு கல்யாணம். கணவர் ரங்கராஜனின் வங்கி வேலை பூனாவுக்கு இழுத்து வந்தது. இங்கே ஒரு பள்ளியில் மூன்று வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தார். பி.எட். இல்லை என்பதால், நான்காவது வருடம் ஜூன் மாதம் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "பி.எட். பண்ணியிருக்கீங்களா?" என்று தலைமையாசிரியை மற்ற ஆசிரியைகளுக்கு நடுவில் கேட்ட கேள்வி, பதினோரு வருடம் கழித்தும் வைஜயந்திக்கு அப்படியே காதில் இருந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டு ஹாலில் இரண்டு பாய்களை விரித்து டியூஷன் ஆரம்பித்தார்.

அந்த வாரம் வந்த ஒர்க்‌ஷீட் எட்டாம் வகுப்பு எளிய இயந்திரங்கள் பற்றியது. மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் இயந்திர லாபம் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது நாம் போடும் விசையைப் போல எத்தனை மடங்கு சுமையை அந்தச் சாதனம் தூக்கித் தருகிறது என்று சொல்ல வேண்டும். உராய்வையும் கப்பியின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கீழே குறிப்பு இருந்தது.

முதல் படத்தில் ஒரு கடப்பாரை பாறாங்கல்லை நெம்புகிறது. ஆதாரப் புள்ளியிலிருந்து கல்வரை இருபது சென்டிமீட்டர், கை பிடிக்கும் இடம்வரை ஒரு மீட்டர். நூறை இருபதால் வகுத்தால் ஐந்து. இரண்டாவது படத்தில் டெம்போவின் பின்பக்கம் சாய்த்து வைத்த பலகை. நீளம் மூன்று மீட்டர், உயரம் அறுபது சென்டிமீட்டர். அதற்கும் ஐந்துதான். மூன்றாவது படம் கப்பி. அறுநூறு நியூட்டன் சுமை ஒரு கப்பியில் தொங்குகிறது. கயிறு ஒரு பக்கம் மேலே போகிறது, இன்னொரு பக்கம் மேல்நோக்கி இழுக்கும் அம்புக்குறி. வைஜயந்தி இதே படத்தை நூறு முறை பார்த்தவர். ஒற்றை நகரும் கப்பி, சுமையை இரண்டு கயிறுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன, இயந்திர லாபம் இரண்டு, தேவையான விசை முந்நூறு நியூட்டன். எழுதி அனுப்பியபோது மணி பன்னிரண்டு பத்து. பருப்பு இன்னும் வேகவில்லை.

ஞாயிறு காலை நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வந்தவர், ஹர்ஷாவின் நோட்டில் நின்றார். மூன்றாவது படத்துக்கு ஹர்ஷா எழுதியிருந்தது: இயந்திர லாபம் மூன்று, விசை இருநூறு.

"இந்த மூணு எங்கேர்ந்து வந்துது?"

ஹர்ஷா அதிகம் பேசாத பெண். "அம்மா சொன்னாங்க மிஸ். கயிறு மூணு இருக்குன்னு."

"நான்தான் விடை அனுப்பிச்சேனே. பாக்கலையா?"

"பாத்தேன் மிஸ். ஆனா ஷீட்ல மூணு கயிறு..."

"ஷீட் என் போன்லயே இருக்கு. எனக்குத் தெரியாதா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அனிருத், "இவ அம்மா ஃபேக்டரில கயிறு எண்றவங்க மிஸ்" என்றான். இன்னும் கொஞ்சம் சிரிப்பு. வைஜயந்தி அவனைக் கண்டிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் மூன்றைச் சுழித்துப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். ஹர்ஷா தன் ரப்பரால் மூன்றை அழித்தாள். பென்சிலில் எழுதியது என்பதால் சுத்தமாக அழிந்தது.

வகுப்பு முடியும் நேரம் அம்மாக்கள் வந்தார்கள். ப்ரீத்தியும், மராத்திக்கார, ஹிந்திக்கார அம்மாக்கள் நான்கு பேரும் வாசல் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹர்ஷாவின் அம்மா சாந்தகுமாரி கடைசியாக வந்தார். போசரியில் பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில், கொக்கியோடு இருக்கும் கீழ்க் கப்பியை, அங்கே சொல்வதுபோல் கீழ் பிளாக்கை, பூட்டும் வேலை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழன்தான் விடுமுறை. அன்று மதியம் ஒரு மணிக்கு ஷிஃப்ட் இருந்ததால், நீல நிற வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

மகள் முகத்தைப் பார்த்தார், நோட்டை வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். அதை நீட்டி, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"டீச்சர், இந்தக் கப்பிக் கணக்கு ஒருவாட்டி பாக்கறீங்களா. இது மூணு வரும்னு நெனைக்கறேன்."

"ரெண்டுதாங்க வரும். நகரும் கப்பின்னா ரெண்டு. புக்ல இருக்கு."

"புக்கு எனக்குத் தெரியாது டீச்சர். எங்க கம்பெனில இத மூணு ஃபால்னு சொல்லுவோம். கொக்கியப் புடிச்சிட்டு மேல போற கயிறு எத்தனையோ அத்தன ஃபால். இதுல..."

"ஃபேக்டரில பாக்கறது வேற, சிலபஸ் வேற. நீங்க சொல்லிக் குடுத்துக் குழந்தையைக் குழப்பாதீங்க."

"குழப்பல டீச்சர். நாளைக்கு டெஸ்ட்டு. தப்பா எழுதிடக் கூடாதேன்னு."

தப்பு என்ற சொல்தான் உரசியது. படிக்கட்டில் பேச்சு நின்றுபோய் எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்த வைஜயந்தி, அந்த ஒரு கேள்வியை மட்டும் ஹிந்தியில் கேட்டார்.

"ஆப் கஹாங் தக் படீ ஹைங்?" நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்.

சாந்தகுமாரி தமிழிலேயே பதில் சொன்னார். "ஒம்பதாவது, டீச்சர்."

பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் நீட்டிய தாள் மேசையிலேயே கிடந்தது.

மதியம் சாப்பிட்ட பிறகு மேசையைத் துடைக்கும்போதுதான் வைஜயந்தி அதை எடுத்தார். பையில் அடங்குவதற்காக நெட்டுவாக்கில் இரண்டாக மடித்த தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் மடிப்பார்கள். தூக்கிப் போடுவதற்கு முன், சும்மா, விரித்துப் பார்த்தார்.

மூன்றாவது படத்தில் மேலே, உத்தரத்தில், இன்னொரு கப்பி இருந்தது.

போனை எடுத்து ப்ரீத்தியின் போட்டோவைப் பெரிதாக்கினார். மேல் கப்பி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு பட்டை. படமெடுத்த போனின் நிழல். அதற்குக் கீழே, இரண்டு கயிறுகளுக்கு நடுவே, தாளின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்புவரை ஒரு கோடு ஓடியது. தாளின் மடிப்பு. நேற்று அதை மடிப்பாகத்தான் பார்த்தார். மடிப்புதான் அது. ஆனால் அந்த மடிப்பின் மேலேயே ஒட்டிக்கொண்டு மூன்றாவது கயிறு ஒன்று போயிருந்தது.

தாளில் விரல் வைத்துக் கயிற்றின் வழியே போனார். கயிற்றின் முனை கீழ்க் கப்பியின் சட்டத்து வளையத்தில் கட்டியிருந்தது. அங்கிருந்து நடுவே மேலே ஏறி, மேல் கப்பியைச் சுற்றி, இடப்பக்கமாக இறங்கி, கீழ்க் கப்பியின் அடியில் வளைந்து, வலப்பக்கமாக மேலே ஏறி இழுப்பவரின் கைக்குப் போனது. சுமையைத் தாங்கி மேலே போவது மூன்று கயிறு. சுமை ஒரு அடி ஏற வேண்டுமென்றால் மூன்றும் ஒவ்வோர் அடி குறைய வேண்டும், கை மூன்றடி இழுக்க வேண்டும். அறுநூறை மூன்றால் வகுத்தால் இருநூறு. எட்டாம் வகுப்புப் பெண் எழுதியிருந்தது சரி. ஒன்பதாவது படித்தவர் சொன்னது சரி.

வைஜயந்தி தாளை மறுபடி மடித்தார். ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்போல அதை டெலிபோன் டைரிக்கு அடியில் வைத்தார்.

நேரம் இரண்டரை. டெஸ்ட் மறுநாள் காலை எட்டரைக்கு. பதினான்கு பிள்ளைகள் அவரை நம்பி இரண்டு என்று எழுதப் போகிறார்கள். செய்ய வேண்டியது என்ன என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். மூன்றாவது படத்தில் நான் செய்தது தவறு. ஹர்ஷாவின் அம்மா சரியாகச் சொன்னார். அதுவரை எழுதிவிட்டு, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு டியூஷனில் பிள்ளைகளைச் சேர்க்க விசாரித்த இரண்டு புதிய அம்மாக்களை அந்த வாரம்தான் சேர்த்திருந்தார். எழுதியதை அழித்தார்.

ரங்கராஜன் சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வைஜயந்தி விஷயத்தைச் சொன்னார், ஹிந்திக் கேள்வியை விட்டுவிட்டு.

"எத்தனை மார்க்?" என்றார் அவர்.

"ரெண்டு."

"ரெண்டு மார்க்குக்கா மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்க? போட்டோ சரியில்லன்னு போட்டு, மாத்தி அனுப்பு. முடிஞ்சுது."

வழி இவ்வளவு சுலபமாக இருந்தது வைஜயந்திக்கு நிம்மதியாக இருந்தது. நான்கு மணிக்குக் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி போட்டார்: போட்டோவில் நிழலும் மடிப்பும் இருந்ததால் மூன்றாவது படம் தெளிவாகத் தெரியவில்லை, அதன் விடையை மூன்று, இருநூறு நியூட்டன் என்று திருத்திக்கொள்ளவும்.

ஒரு நிமிடத்தில் ப்ரீத்தியிடமிருந்து பதில் வந்தது. "ஸாரி மேடம். என் தப்பு." அடுத்து இன்னொன்று: "ரொம்ப ஸாரி எல்லாருக்கும், அவசரத்துல எடுத்தேன்." மூன்றாவதாக ஒரு அம்மா, இனிமேல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள் என்று ப்ரீத்திக்கு அறிவுரை எழுதியிருந்தார். அதற்கும் ப்ரீத்தி ஸாரி சொன்னார்.

மறைத்திருந்தது நிழல் என்பது உண்மைதான். ஆனால் ஹர்ஷா "ஷீட்ல" என்று சொன்னபோது தாளைக் கேட்டு வாங்கியிருக்கலாம். சாந்தகுமாரி அதைக் கையிலேயே நீட்டியும் விரித்துப் பார்க்கவில்லை. இந்த இரண்டு தவறும் ப்ரீத்தியுடையவை அல்ல. வைஜயந்தி போனைக் கவிழ்த்து வைக்கப் போனவர், திரையில் மேலே தள்ளிப் பார்த்தார். ஞாயிறு காலை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது. சாந்தகுமாரி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அப்படியென்றால் திருத்தம் போய்ச் சேராத வீடு ஒன்றே ஒன்று. முதலிலேயே சரியாகப் போட்ட வீடு.

சாந்தகுமாரியின் எண் போனில் இருந்தது. பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார், அழுத்தவில்லை. ஷிஃப்டில் இருப்பாள், பட்டறையில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். எடுக்காவிட்டால் என்ன, ஒரு வரி எழுதி அனுப்பலாம், பார்க்கும்போது பார்ப்பாள் என்றும் தெரிந்தது. ஹர்ஷாவுக்குத்தான் மூன்று என்று ஏற்கெனவே தெரியுமே என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை நம்பவில்லை. ஆனாலும் மாவு அரைக்கப் போய்விட்டார்.

திங்கள் மாலை வகுப்புக்குப் பதின்மூன்று பேர் வந்தார்கள். எப்படி எழுதினீர்கள் என்று வைஜயந்தி கேட்பதற்குள் அனிருத் சொன்னான்.

"மிஸ், அதே படம் வந்துது. நாங்க எல்லாரும் மூணு போட்டோம். ஹர்ஷா மட்டும் ரெண்டுன்னு எழுதிட்டா."

"அவளுக்குத்தான் மூணுன்னு தெரியுமே."

"நான் பஸ்ல சொன்னேன் மிஸ். மிஸ் மாத்திட்டாங்க, மூணுதான் கரெக்டுன்னு. அவ, கலாய்க்காத, மிஸ் என் நோட்லயே ரெண்டுன்னு எழுதியிருக்காங்கன்னு காட்டறா. செவப்புல எழுதியிருந்துது மிஸ்."

ஒரு பெண் சொன்னாள்: "அவங்க அம்மா சொல்றத இனிமே கேக்க மாட்டேன்னு சொன்னா மிஸ். அவங்களால அவமானமா போச்சாம்."

வைஜயந்தி அன்று மனிதக் கண்ணைப் பற்றிப் பாடம் எடுப்பதாக இருந்தது. எதையோ எடுத்தார். எட்டு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பை ஏழேகாலுக்கே முடித்து அனுப்பினார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஹர்ஷாவின் வீட்டுக்குப் போகவில்லை. சாந்தகுமாரிக்கு ஷிஃப்ட் என்று காரணம் இருந்தது. வியாழக்கிழமை அந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று. நான்கு மணிக்குக் கைப்பையில் மடித்த தாளை வைத்துக்கொண்டு, அவர்கள் குடியிருக்கும் ரூபிநகருக்கு நடந்தார். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தார். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் போட்டோ என்ற சொல் முதலில் வந்து நின்றது.

இரண்டாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. சாந்தகுமாரி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஹர்ஷா பள்ளிச் சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் எழுந்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சர்."

உட்காரச் சொல்லவில்லை. வைஜயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலை ஒட்டி நின்றார்.

"அன்னிக்கு அந்தக் கணக்கு... போட்டோ சரியா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். தன் குரல் தனக்கே கேட்டது. "இல்லீங்க. போட்டோல ஒண்ணும் இல்ல. நீங்க தாளைக் கையில குடுத்தீங்க. நான் பாக்கல. மூணுதான் சரி. நான் போட்டது தப்பு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சர்." சாந்தகுமாரி ஒரு காயைப் பிளந்து பட்டாணியைத் தட்டில் தள்ளினார். "மூணு ஃபால் எப்பவாவதுதான் வரும். கயித்து முனைய கீழ் பிளாக்குலயே கட்டிருந்துது, அதான் பாத்த ஒடனே தெரிஞ்சுது. பதிமூணு வருசமா அதத்தான் மாட்டிட்டு இருக்கேன். ஒரு ஃபால் தப்பா எண்ணிட்டா, பாரம் ஏத்திப் பாக்கற டெஸ்ட்டுல மோட்டார் இழுக்காது. எங்களுக்கு ரெண்டு மார்க்கோட போவாது."

"மன்னிச்சுக்கணும்."

"கணக்கு யாரும் தப்பா போடறதுதான். நானும் போட்டிருக்கேன்." தட்டை நகர்த்தி வைத்துவிட்டு முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாம ரெண்டு பேரும் தமிழ்லதான பேசிட்டிருந்தோம். அத மட்டும் எதுக்கு ஹிந்தில கேட்டீங்க?"

கீழே தெருவில் ஒரு டெம்போ பின்வாங்கும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. வைஜயந்தி, பொய் சொல்ல ஒரு இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று ஆனபிறகு சொன்னார்.

"வெளில நின்னவங்களுக்குப் புரியணும்னு."

"ம்." சாந்தகுமாரி தலையை ஆட்டினார். "அப்படித்தான் நானும் நெனச்சேன். இவ அப்பாகிட்ட சொன்னேன். சேச்சே, அப்படி இருக்காது, பேச்சு வாக்குல வந்திருக்கும்னு அவரு சொன்னாரு."

சாந்தகுமாரி அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் வைஜயந்திக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொன்னது போதும்" என்றார் சாந்தகுமாரி. "அவகிட்ட சொல்லுங்க. நாலு நாளா நான் எது சொன்னாலும், உனக்குத் தெரியாதும்மா விடுன்றா. பால் காயுது எறக்குடின்னாகூட யோசிச்சுட்டுத்தான் எறக்கறா."

ஹர்ஷா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வைஜயந்தி பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். மடிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, நடுக் கயிற்றைக் காட்டினார்.

"ஹர்ஷா, இது மூணுதாம்மா. நீ எழுதினது சரி. அம்மா சொன்னது சரி. நான் தாளைப் பாக்காம, உன் நோட்ல தப்பா திருத்திட்டேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஞாயித்துக்கிழமையே உனக்குச் சொல்லல."

ஹர்ஷா தாளையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "அனிருத் சொன்னது நெஜமா?"

"நெஜம்தான்."

"மார்க் போயிடுச்சு மிஸ்."

"நான் ஸ்கூலுக்கு வந்து உங்க சயின்ஸ் மிஸ்கிட்ட பேசட்டுமா?"

"வேணாம் மிஸ்." அவள் அவசரமாகச் சொன்னாள். "நீங்க வந்தா, ஒர்க்‌ஷீட் எல்லாம் நீங்கதான் போட்டுத் தரீங்கன்னு தெரிஞ்சுடும். எல்லாருக்கும் மார்க் கட் பண்ணிடுவாங்க."

சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். இத்தனை வருடமாக வைஜயந்தி செய்துவந்த வேலைக்குப் பெயர் என்ன என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டது.

ஹர்ஷா தாளை வாங்கி அம்மாவின் பக்கத்தில் தரையில் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கயிற்றின் மேல் விரலை ஓட்டினாள்.

"அப்ப நாலு ஃபால்னா முனைய எங்கம்மா கட்டுவாங்க?"

"மேல. ரெட்டப்படைன்னா மேல் பிளாக்குல, ஒத்தப்படைன்னா கீழ் பிளாக்குல."

"ஏன்?"

"ஏன்னா கயிறு கீழ்லேர்ந்து கிளம்பி, ஏறி எறங்கி ஏறணும்னா மூணு. மேல்லேர்ந்து கிளம்பினா எறங்கி ஏறும், ரெண்டு. எண்ணிப் பாரு. எப்பவும் கடேசில ஏறித்தான் முடியணும்."

ஹர்ஷா எண்ணிப் பார்த்தாள். வைஜயந்தியும் மனதுக்குள் எண்ணினார். எந்தப் புத்தகத்திலும் இதை இப்படிப் படித்ததாக நினைவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அங்கே அவருக்கு வேலை இல்லை.

"ஹர்ஷாவ ஞாயித்துக்கிழமை அனுப்புங்க" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.

"பாக்கலாம் டீச்சர்" என்றார் சாந்தகுமாரி. அனுப்ப மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்ல வேறு சொல் இல்லை.

கீழே பஸ் நிறுத்தத்தில் நின்று வைஜயந்தி போனை எடுத்தார். இம்முறை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதினார். தவறு போட்டோவில் இல்லை, தாளைப் பார்க்காத தன்னிடம். ஹர்ஷாவும் அவள் அம்மாவும் ஞாயிறே சரியான விடையைச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக, எல்லோர் முன்னாலும் அந்த அம்மாவின் படிப்பைக் கேட்டது கேவலம். திருத்தத்தை ஹர்ஷாவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டதால் அவளுக்கு மட்டும் மார்க் போயிற்று. அனுப்பினார். புதிதாகச் சேர்ந்த இரண்டு அம்மாக்கள் உட்பட ஒவ்வொருவராகப் பார்த்தது தெரிந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. பஸ் வந்தது, அதை விட்டுவிட்டார்.

பதினைந்து நிமிடம் கழித்து ப்ரீத்தியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் எழுதுவார்.

"மேடம், அப்போ அன்னிக்கு நான் அத்தன தடவ ஸாரி சொன்னப்ப, உங்களுக்குத் தெரியுமா?"

வைஜயந்தி நின்றுகொண்டே, தெரியும் என்று எழுதினார்.

ப்ரீத்தி படித்துவிட்டார். எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"ஓகே மேடம். நாளைக்கு ஷீட் வந்தா போட்டோ எடுக்க மாட்டேன். அனிருத்கிட்ட பேப்பரையே குடுத்து விடறேன்."